ஆண்டின் நடுவில் ஓர் ஆசிரியையின் ஒப்பந்தம் முடிகிறது: சாட்ஸ்வொர்த் டியூஷன் மையம் ஒன்றின் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சின்ன நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு பார்ப்பது என் தொழில். அப்படிப் பார்க்கும் இடங்களில் ஒன்று சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடக்கும் டியூஷன் மையம். உரிமையாளரையும் சேர்த்து ஆறு பேர் வேலை செய்கிறார்கள். 10, 11, 12ஆம் வகுப்புகளுக்கு இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த அறிவியல் பாடமும் கணிதமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2025 ஜூன் நடுவில் அதன் உரிமையாளர் என்னிடம் வந்து, அறிவியல் ஆசிரியை ஒருவரை நிறுத்த வேண்டியிருக்கிறது, ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் அண்ணா என்றார். ஒரு கடிதத்தில் முடிய வேண்டிய வேலையாகத்தான் அவர் அதை நினைத்திருந்தார். ஆகஸ்ட் கடைசி வரை இழுத்தது. இரு தரப்பின் சம்மதத்தோடு அந்த விவரங்களை இங்கே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று பேசிக்கொண்டோம்.

காரணம் உண்மையானதுதான். ஜனவரியில் அறிவியல் பிள்ளைகள் 61 பேர் இருந்தார்கள், ஜூனில் 38. ஒருவருக்கு மாதம் 650 ரேண்ட் கட்டணம் என்றால் மாதத்துக்கு 14,950 ரேண்ட் வரவு குறைந்துவிட்டது. எட்டு பேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அவற்றைச் சேர்த்தால் நான்கில் அடக்கிவிடலாம், நான்கு பேட்சுக்கு ஓர் ஆசிரியர் போதும். அறிவியலுக்கு இருந்ததோ இரண்டு பேர். ஒருவர் 2022 பிப்ரவரியிலிருந்து இருக்கும் இந்த ஆசிரியை. உரிமையாளரைவிட வயதில் மூத்தவர் என்பதால் அவர் வாயில் எப்போதும் 'அக்கா'தான். இன்னொருவர் 2024இல் சேர்ந்த இளைஞர், கணிதமும் எடுப்பவர்.

உரிமையாளர் மனதில் வைத்திருந்த திட்டம் இது. இரண்டாம் பருவம் முடியும் ஜூன் 27, வெள்ளிக்கிழமை அன்று அக்காவிடம் சொல்லிவிடுவது. ஒரு வாரம் நோட்டீஸ். பள்ளி விடுமுறையிலேயே அது கழிந்துவிடும். ஜூலை 22 அன்று மூன்றாம் பருவம் திறக்கும்போது புது அட்டவணை. முடிந்தால் அவரையே ராஜினாமா எழுதித் தரச் சொல்வது, 'அவருக்கும் பெயர் கெடாது' என்பதற்காக. பாக்கிச் சம்பளத்தை, பேட்சுகளை ஒழுங்காக ஒப்படைத்த பிறகு கொடுப்பது.

இதில் ஒன்றுகூடச் சட்டப்படி நிற்காது. ஆனால் அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஊர் டியூஷன் மையங்களில் பாதிப் பேர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் நம்பிக்கை, அக்கா ஊழியரே இல்லை என்பது. மணிக்கு 200 ரேண்ட் வீதம் மாதக் கடைசியில் இன்வாய்ஸ் கொடுப்பார், மையம் பணம் போடும். ஆக அவர் சுயதொழில் செய்பவர் என்பது உரிமையாளரின் வாதம். தென்னாப்பிரிக்காவின் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் 200ஏ என்று ஒரு பிரிவு உண்டு. ஆண்டு வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருப்பவர், கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக மாதம் 40 மணி நேரமாவது ஒருவருக்காக வேலை செய்திருந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை அவர் ஊழியர்தான். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்கு அந்த வரம்பு 261,748 ரேண்ட் 45 சென்ட்டாக இருந்தது. அக்காவுக்கு வாரம் 15 மணி நேரம், மாதம் சுமார் 65 மணி நேரம். பன்னிரண்டு மாதமும் வேலை என்று வைத்தாலும் ஆண்டுக்கு 156,000 ரேண்ட் வாக்கில்தான் வருகிறது. அட்டவணை மையத்துடையது, இடமும் மையத்துடையது, கட்டணம் வாங்குவதும் மையம்தான். இன்வாய்ஸ் என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு இதை மறுக்க முடியாது.

இரண்டாவது நம்பிக்கை, ஒரு வாரம் நோட்டீஸ் போதும் என்பது. அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. ஒப்பந்தம் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை புதிதாக எழுதப்படும். டிசம்பர், ஜனவரியில் வேலை இல்லை. அப்படியானால் 2025 ஒப்பந்தத்துக்கு வயது ஐந்து மாதம்தான், ஆறு மாதத்துக்கு உட்பட்ட ஊழியருக்கு ஒரு வாரம் என்று சட்டமே சொல்கிறது என்றார். சொல்கிறது, உண்மைதான். வேலைவாய்ப்பின் அடிப்படை நிபந்தனைகள் சட்டம், 37ஆம் பிரிவு: ஆறு மாதம் வரை ஒரு வாரம், ஆறு மாதத்துக்கு மேல் ஓராண்டுக்குள் இரண்டு வாரம், ஓராண்டும் அதற்கு மேலும் என்றால் நான்கு வாரம். ஆனால் அதே சட்டத்தின் 84ஆம் பிரிவை அவர் பார்க்கவில்லை. ஒரே முதலாளியிடம் செய்த முந்தைய வேலைக்கும் இப்போதைய வேலைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஓராண்டுக்குக் குறைவு என்றால், பழைய காலத்தையும் சேர்த்தே சேவைக் காலத்தைக் கணக்கிட வேண்டும். இரண்டு மாத இடைவெளி எதையும் அறுக்காது. அக்காவின் சேவை 2022இல் தொடங்குகிறது. எனவே நான்கு வாரம். ஒப்பந்தத்திலோ 'இரு தரப்பும் ஒரு காலண்டர் மாத நோட்டீஸ்' என்று இருந்தது. அது நான்கு வாரத்தைவிட அதிகம் என்பதால் அதுவே நிற்கும்.

அந்த ஒற்றை வரி ஒப்பந்தத்தில் இருந்தது உரிமையாளரின் அதிர்ஷ்டம். குறிப்பிட்ட தேதி வரை என்று எழுதிய ஒப்பந்தத்தில் நோட்டீஸ் கொடுத்து இடையில் முடிக்கலாம் என்ற வரி இல்லாவிட்டால், வரவு குறைந்தது என்பதற்காக அதை நடுவில் முறிக்க முடியாது. 2004இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் புத்தெலேசி வழக்கில் சொன்னது அதுதான். அந்த வரி இல்லையென்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான சம்பளம், கிட்டத்தட்ட 39,000 ரேண்ட், அவர் தலையில் விழுந்திருக்கும். இணையத்திலிருந்து இறக்கிய மாதிரி ஒப்பந்தங்கள் பலவற்றில் இந்த வரி இருப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, வரி இருக்கிறது, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. எனக்கு அதிக நேரம் பிடித்தது இதை அவருக்குப் புரிய வைக்கத்தான். நோட்டீஸ் கொடுத்தால் ஒப்பந்தம் முறையாக முடிந்தது என்று ஆகும். வேலைநீக்கம் நியாயமானதா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சட்டம். தொழில் நிலை காரணமாக ஒருவரை நிறுத்த வேண்டும் என்றால் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி, முடிவெடுக்கும் முன்பே எழுத்தில் தெரிவித்துக் கலந்து பேச வேண்டும். ஒரே ஒருவரை நிறுத்தினாலும், ஆறு பேர் உள்ள இடமாக இருந்தாலும் இது பொருந்தும். செய்யாவிட்டால் அவர் வேலை நின்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சிசிஎம்ஏ என்ற சமரச ஆணையத்துக்குப் போகலாம். அங்கே நியாயமற்றது என்று முடிவானால் இழப்பீடு 12 மாதச் சம்பளம் வரை போகலாம். 156,000 என்ற எண்ணை நான் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் உரிமையாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆகவே ஜூன் 19 அன்று போன கடிதம் வேலைநீக்கக் கடிதம் அல்ல, கலந்து பேச அழைக்கும் கடிதம். அதில் ஜனவரி, ஜூன் மாணவர் எண்ணிக்கை, எட்டு பேட்சை நான்காக்கும் யோசனை, வேறு என்னென்ன வழிகள் யோசிக்கப்பட்டன, இருவரில் ஒருவரை எப்படித் தேர்வு செய்வது என்ற முன்மொழிவு, உத்தேசத் தேதி, தர எண்ணியுள்ள பிரிவுத் தொகை, பின்னால் மாணவர் கூடினால் முதலில் இவரையே அழைப்போம் என்ற உறுதி எல்லாம் இருந்தன. 'நிறுத்த முடிவு செய்துள்ளோம்' என்று உரிமையாளர் எழுதி வைத்திருந்த வாசகத்தை 'நிறுத்த வேண்டி வரலாம் என்று கருதுகிறோம்' என்று மாற்றினோம். வார்த்தை விளையாட்டு இல்லை இது. முதல் வாசகம் போயிருந்தால், முடிவெடுத்துவிட்டு ஒப்புக்குக் கூப்பிட்டார்கள் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி ஆகியிருக்கும்.

ஜூன் 24 அன்று முதல் கூட்டம். அக்கா கோபமாகத்தான் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி நியாயமானது: கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்பதுதானே வழக்கம், நான்கு வருஷம் இருக்கும் நான் ஏன்? உரிமையாளர் தந்த பதில், அந்த இளைஞர் போனால் கணிதத்துக்கு ஆள் இல்லை என்பது. திறன் அடிப்படையில் தேர்வு செய்யலாம், ஆனால் அந்த அளவுகோல் விருப்பு வெறுப்பு இல்லாததாக இருக்க வேண்டும். அக்கா விடவில்லை. பத்தாம் வகுப்புக் கணிதம் நானும் எடுப்பேன் என்றார். இதை அன்றே தட்டிவிடாமல் பரிசீலிக்கச் சொன்னேன். ஜூலை 10 அன்று இரண்டாம் கூட்டத்தில் எழுத்தில் பதில் கொடுத்தோம்: கணித பேட்சுகளில் பெரும்பாலானவை 12ஆம் வகுப்புக்கானவை, அதை அவர் எடுத்ததில்லை, பத்தாம் வகுப்புக் கணிதம் மட்டும் தனியே ஒருவருக்குத் தரும் அளவுக்கு மணி நேரம் இல்லை.

அவர் வைத்த இன்னொரு கோரிக்கைதான் திட்டத்தையே மாற்றியது. 12ஆம் வகுப்பைப் பாடம் முடியாமல் கைமாற்றாதீர்கள் என்றார். இறுதித் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வு செப்டம்பரில். அதற்கு முன் பாடம் முடிந்திருக்க வேண்டும். ஜூலையில் ஆசிரியர் மாறினால் மாணவர்கள் இரண்டு முறை தொடங்க வேண்டியிருக்கும். ஆகஸ்ட் கடைசி வரை நான் முடித்துத் தருகிறேன், அதன்பின் பழைய வினாத்தாள் பயிற்சி மட்டுமே, அதை யாரும் நடத்தலாம் என்றார். உரிமையாளர் ஒப்புக்கொண்டார். கலந்து பேசுவது சடங்கு என்று நினைத்திருந்தவருக்கு, தன் மையத்துக்கு நல்ல தேதி எது என்பது அங்கேதான் கிடைத்தது. ஜூலை 24 அன்று மூன்றாவது கூட்டத்தில் தேதி உறுதியாயிற்று. ஜூலை 31, வியாழன் அன்று எழுத்தில் நோட்டீஸ். ஆகஸ்ட் 31 அன்று ஒப்பந்தம் முடிவு.

விடுமுறையில் நோட்டீஸைக் கழிக்கும் யோசனை இதற்குள் தானாகவே போய்விட்டது. ஆனாலும் சொல்லி வைக்கிறேன். ஜூன் 30 முதல் ஜூலை 5 வரை மையம் மூடியிருந்தது, அது ஆசிரியர்களின் வருடாந்திர விடுப்பு. அந்த நாட்களில் நோட்டீஸ் கொடுக்கவும் கூடாது, முன்பே கொடுத்த நோட்டீஸ் அந்த நாட்களில் ஓடவும் கூடாது. அதே 37ஆம் பிரிவில் இருக்கிறது.

ராஜினாமா யோசனையையும் கைவிட வைத்தேன். தானாக விலகியவருக்குப் பிரிவுத் தொகை கிடையாது, யூஐஎஃப் எனப்படும் வேலையின்மைக் காப்பீட்டிலும் பொதுவாக எதுவும் கிடைக்காது. பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி இரண்டையும் பறிப்பதாக ஆகிவிடும். இங்கே இன்னொரு சங்கடம் வெளியே வந்தது. இன்வாய்ஸ் ஆள் என்று நினைத்ததால் அக்காவை யூஐஎஃப்பில் பதிவே செய்யவில்லை. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு ஊழியர் 1 சதவீதம், முதலாளி 1 சதவீதம் என்று கட்டியிருக்க வேண்டும். பின்தேதியிட்டுப் பதிவு செய்து, பாக்கியைக் கட்டி, யூஐ-19 படிவத்தில் 'ஆட்குறைப்பு' என்று சரியான காரணத்தைப் போட்டுக் கொடுக்க ஜூலை முழுக்க ஆயிற்று.

இனி பணம். அக்கா திங்கள் முதல் வியாழன் வரையும் சனிக்கிழமையும் தினம் மூன்று மணி நேரம் எடுப்பவர். ஒரு நாளுக்கு 600 ரேண்ட், வாரத்துக்கு 3,000.

ஜூன் சம்பளத்தில் 6,000 மட்டும் வந்திருந்தது. பெற்றோர் கட்டணம் கட்டவில்லை, வந்ததும் மீதி என்று பதில். கட்டணம் வசூலாகாதது மையத்தின் கவலை. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாட்களுக்குள் சம்பளம் போய்விட வேண்டும் என்பது சட்டம். மையத்தின் கணக்குப்படி பாக்கி 5,400. 19 நாள் வகுப்பு, 11,400, அதில் 6,000 போக. நான் நாட்காட்டியை எடுத்து எண்ணினால் ஜூனில் அவருடைய வேலை நாட்கள் 21. விடுபட்டவை இரண்டு: ஜூன் 16 இளைஞர் தினம், ஜூன் 30 விடுப்பின் முதல் நாள். வகுப்பு இல்லை, சம்பளமும் இல்லை என்று விட்டிருக்கிறார்கள். மணிக் கணக்கில் சம்பளம் வாங்குபவராக இருந்தாலும், அவர் வழக்கமாக வேலை செய்யும் கிழமையில் அரசு விடுமுறை வந்தால் அந்த நாள் சம்பளம் உண்டு. எனவே ஜூன் பாக்கி 6,600.

அதோடு நிற்கவில்லை. அதே தவறு ஏப்ரல் 21, ஏப்ரல் 28, மே 1 ஆகிய மூன்று நாட்களிலும் இருந்தது. 1,800 ரேண்ட். இந்த 8,400ஐயும் ஜூலை 18 அன்றே போடச் சொன்னேன். ஏற்கெனவே வந்திருக்க வேண்டிய பணம் அது. அதை இறுதிக் கணக்கோடு கோர்த்தால், ஒப்படைப்புக்குப் பிணையாகப் பிடித்து வைத்தது போலாகிவிடும். முந்தைய ஆண்டுகளின் விடுமுறை நாட்களைத் தனிப் பட்டியலாகத் தீர்த்தார்கள். ஆகஸ்ட் 9 மகளிர் தினம் சனிக்கிழமையில் வந்தது. அந்த மாதக் கணக்கில் அதைக் கவனமாகச் சேர்த்தோம்.

இறுதிச் சீட்டில் மூன்று வரிகள். ஆகஸ்ட் சம்பளம், 21 நாளுக்கு 12,600. எடுக்காத விடுப்பு: பிப்ரவரி 1 முதல் ஆகஸ்ட் 30 வரை 151 வேலை நாட்கள். 17 நாளுக்கு ஒரு நாள் வீதம் 8.88 நாள் விடுப்பு சேர்ந்திருக்கிறது. மூடிய வாரத்தில் 5 போக மீதி 3.88, அதற்கு 2,328 ரேண்ட். பிரிவுத் தொகை, முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம். 84ஆம் பிரிவு இங்கேயும் வேலை செய்கிறது. வேலை செய்த மாதங்களை மட்டும் கூட்டினாலும் 37 மாதம், அதாவது மூன்று ஆண்டு தாண்டுகிறது. எனவே 9,000. ஆக மொத்தம் 23,928 ரேண்ட், வரியும் யூஐஎஃப்பும் பிடிக்கும் முன். பிரிவுத் தொகைக்கு மட்டும் வருமான வரித் துறையிடம் தனி உத்தரவு வாங்க வேண்டும். அதை ஆகஸ்ட் நடுவிலேயே விண்ணப்பித்தோம். கடைசி வாரத்துக்கு விட்டிருந்தால் ஏழு நாள் கெடு தவறியிருக்கும்.

பேட்ச் ஒப்படைப்பில் பணத்தைவிட அதிகம் பேச வேண்டியிருந்தது. மையத்திடம் இருந்தது வருகைப் பதிவேடு மட்டும். எந்த பேட்ச் எந்தப் பாடத்தில் நிற்கிறது என்பது அக்காவின் தலையில்தான் இருந்தது. 12ஆம் வகுப்பில் இரண்டு பேட்ச். திங்கள் பேட்ச் அமிலம், காரம் முடித்து மின்வேதியியலுக்கு வந்துவிட்டது. செவ்வாய் பேட்ச் இன்னும் வேதிச் சமநிலையில். இரண்டையும் 'வேதியியல் பாதி முடிந்தது' என்று எழுதிக் கொடுத்தால் புதிதாக வருபவர் செப்டம்பரில்தான் விழித்துக்கொள்வார். அதனால் ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு தாள்: முடிந்த பாடங்கள், தேதியோடு. இயற்பியல் வினாத்தாளுக்கும் வேதியியல் வினாத்தாளுக்கும் தனித்தனியாகக் கடைசி மூன்று தேர்வு மதிப்பெண்கள். எந்தப் பிள்ளைக்கு எங்கே தடுக்குகிறது என்று ஒரு வரி. 10, 11ஆம் வகுப்புகளை ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே இளைஞர் எடுத்தார், அக்கா கூடவே உட்கார்ந்திருந்தார். அந்த மணி நேரங்களுக்கும் முழுச் சம்பளம்.

தகராறு வந்தது பயிற்சித் தாள்களில். நான்கு ஆண்டுகளில் அக்கா தட்டச்சு செய்த வினாத்தாள்கள் எல்லாம் மையத்துக்கு வேண்டும் என்றார் உரிமையாளர். இங்கே சட்டம் உரிமையாளர் பக்கம்: வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கிய எழுத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமை முதலாளிக்கு. இரண்டு மாதம் முன்பு 'அவர் ஊழியரே இல்லை' என்றவர் இப்போது இந்த வாதத்தை எடுத்தபோது அக்கா சிரித்துவிட்டார். 2022க்கு முன் அவர் வீட்டில் தயாரித்தவை அவருக்கே, அதன் பின் மையத்துக்காகச் செய்தவற்றின் பிரதி மையத்துக்கு என்று பிரித்தார்கள்.

வாட்ஸ்அப் குழுக்கள் அவருடைய சொந்த எண்ணில் இருந்தன. நிர்வாகியாக மையத்தின் எண்ணைச் சேர்த்து, பெற்றோருக்கு இருவர் பெயரிலும் ஒரே செய்தியை ஆகஸ்ட் 4 அன்று போட்டோம். ஆசிரியை ஆகஸ்ட் இறுதியில் விடைபெறுகிறார், 12ஆம் வகுப்புப் பாடத்தை அவரே முடிப்பார், செப்டம்பரிலிருந்து வினாத்தாள் பயிற்சியை இன்னார் நடத்துவார். அதற்கு மேல் விளக்கம் இல்லை. ஆகஸ்ட் 30 மாலை அவர் குழுவிலிருந்து விலகினார். தன் போனில் இருந்த பெற்றோர் எண்களை அழித்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் இது மையத்துக்கும் தேவைப்பட்டது.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருந்தது: விலகிய பின் இரண்டு ஆண்டுகள் சாட்ஸ்வொர்த்தில் யாருக்கும் டியூஷன் எடுக்கக் கூடாது. தானே நிறுத்திய ஒருவரைப் பிழைக்கவும் கூடாது என்று தடுத்தால் அது எடுபடுவது கடினம். எனக்கு அது அசிங்கமாகவும் பட்டது. அதை விட்டுவிட்டு, நவம்பர் தேர்வு முடியும் வரை இப்போதைய மாணவர்களை அவராக அழைக்கக் கூடாது, அவர்களாக வந்தால் தடை இல்லை என்று ஒரு வரி எழுதினோம்.

செப்டம்பர் 3 அன்று பணம் போனது, சேவைச் சான்றிதழும் யூஐ-19உம் கையில் கொடுக்கப்பட்டன. செவ்வாய் பேட்சிலிருந்து மூன்று பேர் தாங்களாகவே அக்காவின் வீட்டுக்குப் போனார்கள். உரிமையாளர் என்னைக் கூப்பிட்டு, இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னேன். சிசிஎம்ஏவுக்குப் போகும் 30 நாள் கெடு செப்டம்பர் இறுதியில் முடிந்தது. மனு எதுவும் வரவில்லை.